மணிக்கணக்கு வாடகை: கடிகாரமா, மீட்டரா, இரண்டும் சேர்த்தா?

ஒரே இயந்திரம், ஒரே வாடிக்கையாளர், ஒரே வாரம். ஆனால் ஈஆர்பி மென்பொருளில் வாடகை ஒப்பந்தத்தை எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பில் 1000 ஆகவும் வரலாம், 2800 ஆகவும் வரலாம். மூன்று அமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. இயந்திரம் வெளியே இருந்த நேரத்துக்குக் கட்டணம் போடுவது ஒன்று. இயந்திரம் ஓடிய மணிக்குக் கட்டணம் போடுவது இரண்டாவது. குறைந்தபட்ச மணியை உறுதியாக வசூலித்து, அதற்கு மேல் ஓடியதற்குத் தனியாக வாங்குவது மூன்றாவது. எது நமக்குச் சரி என்பது வாடகை விகிதப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. இயந்திரம் திரும்பி வரும் நாளில் நடப்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்று திங்கட்கிழமை காலை 8 மணிக்கு யார்டை விட்டுக் கிளம்புகிறது. அப்போது ஹவர் மீட்டர் 4312.4 காட்டுகிறது. ஒப்பந்தம் 7 நாளுக்கு. அடுத்த திங்கள் காலை 8 மணிக்கு, "வேலை முடிந்தது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளர் தகவல் தருகிறார். லாரி போய், ஏற்றி, இயந்திரம் யார்டுக்குள் நுழையும்போது செவ்வாய் காலை 11 மணி. மீட்டர் 4381.9. அதாவது 69.5 மணி ஓடியிருக்கிறது. நாள் வாடகை 400, மணி விகிதம் 50, கலப்பு முறையில் ஒரு நாளுக்குக் குறைந்தது 8 மணி, அதற்கு மேல் ஓடினால் மணிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

தகவல் வந்த நேரத்தோடு வாடகை நின்றுவிடுகிறது என்று கொண்டால், ஓடிய மணி மாறும்போது மூன்று முறைகளும் தரும் தொகை இது:

| ஓடிய மணி | கடிகாரம் | மீட்டர் மட்டும் | குறைந்தபட்சம் + கூடுதல் |
|---|---|---|---|
| 20 | 2800 | 1000 | 2800 |
| 69.5 | 2800 | 3475 | 3340 |
| 120 | 2800 | 6000 | 5360 |

முதல் வரிசையில் மீட்டர் முறை உரிமையாளரைக் கெடுக்கிறது. சும்மா நின்ற இயந்திரத்தை அந்த வாரம் வேறு யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. கடைசி வரிசையில் கடிகார முறை கெடுக்கிறது. டீசல் எஞ்சினுக்கு 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது பரவலான வழக்கம். ஒரே வாரத்தில் 120 மணி ஓடினால் அந்த இடைவெளியில் ஏறக்குறைய பாதி தீர்ந்துபோகிறது, வாடகையோ 56 மணி ஓடியவரிடம் வாங்கிய அதே 2800.

கடிகார முறை: எளிது, ஆனால் திரும்பிய நேரம் எது?

ஓடூவின் வாடகைச் செயலி இந்த முறையில்தான் இயங்குகிறது. எடுத்த நேரம், திருப்ப வேண்டிய நேரம், மணி, நாள், வாரம் வாரியாக விலை. கெடு தாண்டினால் தாமதக் கட்டணத்தை மணிக்கும் நாளுக்கும் தனித்தனியாக வைக்கலாம். அமைத்து முடிக்க அதிக வேலையில்லை. இரண்டு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, விலைத் தேர்வு. ஓடூ ஒரு வாடகைக்கு ஒரே ஒரு விலை வரியைத்தான் பயன்படுத்தும். பொருந்தும் வரிகளில் எது மலிவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். முழுமையடையாத அலகை மேலே உயர்த்திக் கணக்கிடும். 25 மணி நேர வாடகையை எடுத்துக்கொண்டால், மணி விலையில் 25 × 50 = 1250. நாள் விலையில் 2 × 400 = 800. ஆகவே பில் 800. வாடிக்கையாளர் மனதில் இருப்பதோ "ஒரு நாள், ஒரு மணி", அதாவது 450. மென்பொருள் செய்வதில் பிழை ஏதுமில்லை, ஒப்பந்தத்தில் எழுதியது வேறு, அவ்வளவுதான். "நாளும் மணியும் சேர்த்துக் கணக்கிடப்படும்" என்று உங்கள் ஒப்பந்தப் படிவம் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். சொன்னால், படிவத்தை மாற்றுங்கள் அல்லது நிரலை மாற்றுங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் ஒவ்வொரு பில்லும் ஒரு தகராறு.

இரண்டாவது, நம் ஜெனரேட்டரின் அந்த 27 மணி நேரம். திங்கள் 8 முதல் செவ்வாய் 11 வரை. யார்டில் "திரும்பியது" என்று பதிவு செய்யும் நேரத்தைத்தான் மென்பொருள் அறியும். தாமதக் கட்டணத்தை நாளுக்கு 400, மணிக்கு 50 என்று வைத்திருந்தால், ஒரு நாளும் மூன்று மணியும் சேர்ந்து 550 ஏறி, பில் 3350 ஆகிவிடும். வாடிக்கையாளர் சரியான நேரத்தில் சொல்லிவிட்டார். லாரி அனுப்பத் தாமதித்தது நீங்கள். இந்த 550-ஐ அவர் தரமாட்டார், தரவும் தேவையில்லை.

ஆகவே எந்த முறையைத் தேர்ந்தாலும், திரும்புதலுக்கு ஒரு நேரம் போதாது. மூன்று வேண்டும்: வாடகை நிறுத்தத் தகவல் வந்த நேரம், இயந்திரம் யார்டுக்கு வந்த நேரம், சோதித்து முடித்த நேரம். முதலாவது வாடகையை நிறுத்துகிறது. இரண்டாவது பொறுப்பை வாடிக்கையாளரிடமிருந்து நமக்கு மாற்றுகிறது. மூன்றாவது சேதக் கணக்கைத் தொடங்கி வைக்கிறது. ஒரே தேதிக் களத்தில் மூன்றையும் திணிக்கும் அமைப்பில் ஏதோ ஒன்று எப்போதும் தவறாகவே இருக்கும். நிறுத்தத் தகவலுக்கு ஓர் எண் தந்து, அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு உடனே அனுப்புவது பழைய வழக்கம், அதை விடாதீர்கள். பின்னால் "நான் ஞாயிறே சொன்னேன்" என்ற பேச்சுக்கு அது ஒன்றே பதில்.

மீட்டர் முறை: நியாயம், ஆனால் ரீடிங் யார் எடுப்பது?

மீட்டர் முறையில் கணக்கு கழித்தல் மட்டுமே. சிக்கல் எல்லாம் கழிக்கப்படும் எண்ணில் இருக்கிறது.

ஹவர் மீட்டரின் கடைசி இலக்கம் பெரும்பாலும் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். சில மீட்டர்களில் புள்ளி அச்சிடப்பட்டிருக்காது. கடைசி இலக்கம் வேறு நிறத்தில் மட்டும் இருக்கும். ஓட்டுநர் 4381.9 என்பதை 43819 என்று எழுதித் தருவது இப்படித்தான். இதைப் பிடிக்க ஒரு சோதனை போதும்: இரு ரீடிங்குகளின் வித்தியாசம், இடையே கடந்த நேரத்தைவிட அதிகமாக இருக்க முடியாது. நம் கணக்கில் முதல் திங்களிலிருந்து இரண்டாம் செவ்வாய் வரை 195 மணி. 43819-இலிருந்து 4312.4 போனால் 39506.6, மென்பொருள் இதை ஏற்கக் கூடாது. எச்சரிக்கை காட்டி விட்டுவிடுவது போதாது, பதிவையே தடுக்க வேண்டும். ஆனால் 4391.9 என்று ஓர் இலக்கம் மாறி எழுதினால் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். அதற்கு மீட்டரின் புகைப்படம்தான் வழி. எடுத்த நேரம் பதிந்த படமாக, ரீடிங் பதிவோடு இணைத்து வைக்க வேண்டும்.

மீட்டர் பழுதாகி இடையில் மாற்றப்படுவதும் உண்டு. பழைய மீட்டர் 4350.0-இல் நின்றது, புதியது பூஜ்யத்தில் தொடங்கியது, திரும்பும்போது 31.9 காட்டியது என்றால் வெறும் கழித்தல் எதிர்மறை எண்ணைத் தரும். ஒப்பந்தத்தில் அல்லாமல் இயந்திரத்தின் பதிவில் ஒரு ஈடுசெய் எண் இருக்க வேண்டும்:

```
run_hours = meter_in - meter_out + meter_offset
          = 31.9 - 4312.4 + 4350.0
          = 69.5
```

எஸ்ஏபியில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. IK01-இல் இயந்திரத்துக்கு அளவீட்டுப் புள்ளியை உருவாக்கி, அதை எண்ணி மீட்டராகக் குறித்து, ஒவ்வொரு ரீடிங்கையும் IK11-இல் பதியலாம். பராமரிப்பு அட்டவணையும் அதே எண்ணிலிருந்து ஓடும் என்பது பெரிய வசதி. ஆனால் IK11-இல் பதிவதால் மட்டும் பில் வந்துவிடாது. ரீடிங் வித்தியாசத்தை விற்பனை ஆவணத்தின் அளவாக மாற்றும் இணைப்பை நீங்கள்தான் கட்ட வேண்டும். செலவு மதிப்பீட்டில் இந்த வரி விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

இயந்திரமே ரீடிங்கை அனுப்பினால் இந்தத் தொல்லை குறையும். மண் அள்ளும் இயந்திரங்களின் டெலிமேட்டிக்ஸ் தரவுக்கு ஐஎஸ்ஓ 15143-3 என்ற தரநிலை இருக்கிறது. மொத்த ஓட்ட மணி அதில் ஒரு களம். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் இயந்திரங்களை ஒரே வடிவில் வாசிக்க அது உதவும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: பலகையில் தெரியும் மீட்டரும் டெலிமேட்டிக்ஸ் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சாவி திருப்பிய நேரத்தை எண்ணும், மற்றொன்று எஞ்சின் சுழன்ற நேரத்தை எண்ணும். எது பில்லுக்கு அடிப்படை என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வாடிக்கையாளர் எது குறைவோ அதைக் காட்டுவார்.

மீட்டர் மட்டும் முறை எனக்குச் சரியாகத் தெரிவது ஓர் இடத்தில்தான்: ஒரே நிறுவனத்துக்குள் ஒரு பணித்தளத்திலிருந்து இன்னொன்றுக்குச் செலவைப் பகிரும்போது. அங்கே சும்மா நிற்கும் நாளின் நட்டமும் அதே நிறுவனத்தின் பணப்பைதான்.

குறைந்தபட்சமும் கூடுதலும்

வெளியாருக்கு எஞ்சின் உள்ள இயந்திரத்தைக் கொடுப்பவருக்கு இந்த முறையையே சொல்வேன். அமைப்பது கடினம், ஆனால் இருவருக்கும் பொறுப்பைப் பிரித்துத் தருகிறது. கணக்கு இது:

```
min_hours = (hire_days - down_days) * 8
excess    = max(0, run_hours - min_hours)
charge    = min_hours * 50 + excess * 40
```

நம் ஜெனரேட்டருக்கு min_hours 56, excess 13.5; ஆகவே 2800 + 540 = 3340. இந்த மூன்று வரிகளில் ஒளிந்திருக்கும் முடிவுகள் மூன்று.

`down_days` என்ற களத்தைத் தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. இயந்திரம் நம் பக்கக் கோளாறால் ஒரு நாள் நின்றால், மீட்டர் தானாக நின்றுவிடும்; குறைந்தபட்சம் நிற்காது. அந்த நாளைக் கழித்தால் 48 மணிதான் உறுதித் தொகை. இதற்கு ஒப்பந்தத்தில் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நிறுத்தப் பதிவு வேண்டும், பழுது வேலை ஆணையின் எண்ணோடு. பில் போட்டபிறகு கிரெடிட் நோட் கொடுத்துச் சரிசெய்து கொள்ளலாம் என்று விட்டால் மாதக் கடைசியில் அதற்கென்றே ஒருவர் உட்கார வேண்டிவரும்.

அடுத்தது, கூடுதலை எந்த இடைவெளிக்குக் கணக்கிடுவது. ஒரு நாள் 14 மணி, அடுத்த நாள் 2 மணி ஓடியது. இரு நாளையும் சேர்த்தால் 16, உறுதி அளவும் 16, கூடுதல் இல்லை. நாள் வாரியாகப் பார்த்தால் முதல் நாளில் 6 மணி கூடுதல். இரண்டுமே நேர்மையான கணக்குதான். ஆனால் நாள் வாரி முறைக்கு ஒவ்வொரு நாளும் ரீடிங் வேண்டும். டெலிமேட்டிக்ஸ் இல்லாத இயந்திரத்தில் அது நடக்காது. அங்கே பில் சுழற்சி முழுவதற்கும் ஒரே கூட்டலாக வைப்பதே நடைமுறை. நாளுக்கு 8, வாரத்துக்கு 40, 28 நாள் மாதத்துக்கு 160 என்ற அளவை வாடகை ஒப்பந்தங்களில் பரவலாகக் காணலாம். 7 நாள் வாரத்துக்கு 40 மணி என்றால் ஐந்து வேலைநாள்தான். 7 × 8 அல்ல. எது என்பதை விகித அட்டையில் மணியாகவே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, எந்த ரீடிங் முடிவு ரீடிங். நிறுத்தத் தகவல் சொன்னபோது வாடிக்கையாளர் தந்த ரீடிங் 4378.4 என்றும், யார்டுக்கு வந்தபோது 4381.9 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இடையே 3.5 மணி. லாரியில் ஏற்ற இறக்க ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியதில்லை, யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏற்றும்போது தானே நகர வேண்டிய இயந்திரத்துக்கு அரை மணி வரை விட்டுவிடலாம். அதற்கு மேல் ஓடியிருந்தால் நிறுத்தத் தகவல் செல்லாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும், மென்பொருளில் அதே வரம்பில் ஒரு தடையும் வையுங்கள். நான்கு மணிக்கும் குறைவான விஷயம்தான் என்று தோன்றும்; ஆனால் தகவல் மட்டும் சொல்லிவிட்டு வார இறுதி முழுவதும் ஓட்டுபவர் பிடிபடுவதும் இந்தத் தடையில்தான்.

திரும்புதலுக்கு எந்த ஆவணம்

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இது. விற்பனைத் திரும்பல் என்ற ஆவணம் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதையே வாடகைத் திரும்பலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆவணம் சரக்கை மட்டும் உள்ளே கொண்டுவராது, கிரெடிட் நோட்டுக்கும் வழி செய்யும். வாடகை வருமானம் திரும்பக் கழிந்து போகும். அதேபோல் வெளியே அனுப்பும்போது சாதாரண விற்பனை டெலிவரி போட்டால், இயந்திரத்தின் விலை விற்ற சரக்கின் செலவாகக் கணக்கில் ஏறும்.

வாடகையில் இயந்திரம் இடம் மாறுகிறது, உரிமை மாறுவதில்லை. ஆகவே இருப்பு இடமாற்றம் வேண்டும், விற்பனை வேண்டாம். ஓடூ இதற்காக வாடகை இருப்பிடம் ஒன்றை உள்இருப்பிடமாகவே வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் இயந்திரம் இருப்பு மதிப்பில் தொடர்ந்து நிற்கும். வேறு அமைப்பில் வேலை செய்தால் இதே ஏற்பாட்டைக் கையால் செய்துகொள்ள வேண்டும். திரும்பும்போதும் நேராக வாடகைக்குரிய இருப்புக்குக் கொண்டுவராமல், சோதனை இருப்பிடம் ஒன்றுக்குள் விடுங்கள். இல்லாவிட்டால் கதவு நெளிந்த ஜெனரேட்டரை அடுத்தநாள் வேறொருவருக்கு மென்பொருள் ஒதுக்கிவிடும். பிறகு அந்த நெளிவு யாருடையது என்று யாரும் நிரூபிக்க முடியாது.

சேத பில்: அதே ஆணையிலா, தனியாகவா, டெபாசிட்டிலா

ஜெனரேட்டர் திரும்பிவிட்டது. பக்கக் கதவு ஒன்று நெளிந்திருக்கிறது, பேட்டரி செத்திருக்கிறது, முழுதாகக் கொடுத்த டீசல் தொட்டி பாதியில் நிற்கிறது.

சேதத்தை அதே வாடகை ஆணையில் ஒரு வரியாகச் சேர்ப்பது மிக எளிது. கைக்கருவிகளுக்கும் சாரக் குழாய்களுக்கும் அதுவே போதும்: தொலைந்த கிளாம்புக்கு நிலையான விலை, எண்ணிக்கை, முடிந்தது. ஆனால் இயந்திரத்துக்கு அது கூடாது என்பது என் கருத்து. கதவு நெளிந்ததை வாடிக்கையாளர் மறுத்தால், அந்த ஒரு வரிக்காக முழு பில்லையும் நிறுத்தி வைப்பார். மறுக்காத 3340-ம் கூடவே நின்றுபோகும். வாடகையை உடனே பில் போட்டு, சேதத்தைத் தனி டெபிட் நோட்டாக, ஒப்பந்த எண்ணையும் இயந்திரத்தின் சீரியல் எண்ணையும் சுமந்து அனுப்புவதே நல்லது. டீசல் சேதம் அல்ல. எவ்வளவு குறைகிறது என்பதில் சண்டை வராது. அதை வாடகை பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.

தொகை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பழுது வேலை ஆணையிலிருந்து வரட்டும், கிளார்க்கின் ஊகத்திலிருந்து அல்ல. கதவுக்குப் பாகம் 300, கூலி 4 மணி × 30 = 120, ஆக 420. பேட்டரி புதியது 180. ஆனால் செத்தது 24 மாதம் பழையது, அதன் ஆயுளை 36 மாதம் என்று வைத்திருக்கிறீர்கள் என்றால் மீதமிருந்தது மூன்றில் ஒரு பங்கு. 60-தான் கேட்க முடியும். அதுவும் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் செத்தது என்று காட்ட முடிந்தால். பழைய பாகத்துக்குப் புதிய விலை கேட்கும் டெபிட் நோட்டுதான் திரும்பி வருவதில் முதலிடம். ஆக மொத்தம் 480.

இந்த 480-க்கு ஆதாரம், இயந்திரம் கிளம்பும்போது எடுத்த சோதனைத் தாள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஒரே தாள், ஒரே வரிசை, ஒரே கோணத்தில் படங்கள்: நான்கு பக்கம், கட்டுப்பாட்டுப் பலகை, மீட்டர், எரிபொருள் அளவு, கூடவே போன கேபிள்களின் எண்ணிக்கை. திரும்பும்போது மட்டும் எடுத்த படம் இன்று கதவு நெளிந்திருக்கிறது என்பதைக் காட்டும். கொடுத்தபோது நன்றாக இருந்தது என்பதை அது காட்டாது. கிளம்பும் தாள் நிரம்பாமல் டெலிவரியை உறுதிசெய்ய மென்பொருள் விடக் கூடாது. இதைக் கட்டாயக் களமாக்குவதற்கு யார்டில் எதிர்ப்பு வரும், இருந்தாலும் ஆக்குங்கள்.

டெபாசிட்டிலிருந்து கழிப்பது கேட்க மிக எளிதாகத் தோன்றும். வாங்கிய 1000 டெபாசிட், வருமானம் அல்ல, நாம் திருப்பித் தர வேண்டிய கடன். அதை வாடகை பில்லில் கழித்தல் வரியாகப் போட்டால் வருமானமும் வரி கணக்கிடும் தொகையும் குறைந்து காட்டும். வாடகை பில்லும் டெபிட் நோட்டும் முழுத் தொகையில் இருக்கட்டும். வாடிக்கையாளர் டெபிட் நோட்டை ஏற்றபிறகு, அல்லது ஒப்பந்தத்தில் சொன்ன மறுப்புக் காலம் முடிந்தபிறகு, டெபாசிட்டை அதற்கு எதிரான பணம் செலுத்துதலாகப் பதியுங்கள். 480 போக மீதி 520 திரும்பப் போகும். மறுப்பு நிலுவையில் இருக்கும்போது மறுக்காத பகுதியை மட்டும் விடுவிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டை ஒரே துண்டாக மட்டும் கையாளும் அமைப்புகள் உண்டு.

பழுது பார்க்கும் ஐந்து நாளும் இயந்திரம் வாடகைக்குப் போகாதே என்று அந்த நாட்களுக்கும் வாடகை கேட்பவர்கள் உண்டு. ஒப்பந்தத்தில் அதற்கு வரி இருந்தால் கேட்கலாம். ஆனால் அதற்காக வாடகை வரியைத் திறந்தே வைத்திருக்காதீர்கள்: இயந்திரம் இன்னும் வாடிக்கையாளரிடம் இருப்பதாக அறிக்கைகள் காட்டும், ஓடிய மணிக் கணக்கில் பட்டறைச் சோதனை ஓட்டமும் கலந்துவிடும். டெபிட் நோட்டில் தனி வரியாகப் போடுங்கள்.

மென்பொருள் விற்க வருபவர் காட்டும் மாதிரியில் இயந்திரம் எப்போதும் சரியான நேரத்தில், சேதமில்லாமல், ஒரே மீட்டரோடு திரும்பிவரும். அவரிடம் இந்த ஜெனரேட்டரைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்: திங்கள் 8 மணிக்கு நிறுத்தத் தகவல், இடையில் மீட்டர் மாற்றம், ஒரு நாள் பழுது, செவ்வாய் 11 மணிக்கு வரவு, கதவுக்கு மறுப்பு. வாடகை 2400-ம் கூடுதல் மணி 21.5-க்கு 860-ம் சேர்ந்து 3260, டீசல் தனி, டெபிட் நோட்டு 480, அதில் கதவின் 420 மட்டும் மறுப்பில் நிற்க, டெபாசிட்டில் 520 விடுதலை. இந்த எண்கள் கையால் எதையும் திருத்தாமல் வருகின்றனவா என்று பாருங்கள்.